கும்பகோணத்தில் முகூர்த்தம் பார்த்தாச்சா? எங்கள் கல்யாண மண்டபம் பற்றி நாலு பதிவுகள்

பதிவு 1: எத்தனை பேர்?

ஏசி ஹாலில் 600 நாற்காலி. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கூடத்தில்தான். ஒரு பந்திக்கு 240 பேர். இலை எடுத்துத் துடைத்து அடுத்த பந்தி உட்கார 40 நிமிடம். ரிசப்ஷனுக்கு எல்லாரும் 7 மணிக்கு மேல்தான் வருவார்கள். நாலு பந்தி முடிய 9.40 ஆகும், 960 பேர். அதற்கு மேல் கூட்டம் என்றால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்க வேண்டியதுதான். 900 தாண்டும் என்று தெரிந்தால் பெரிய மண்டபமாகப் பாருங்கள், இதை நாங்களே சொல்கிறோம்.

மணமகள், மணமகன் அறைகள் இரண்டும் கீழ்த்தளத்தில். மாடியில் 8 அறைகள். லிப்ட் உண்டு.

பதிவு 2: வண்டி

உள்ளே 45 கார், 150 டூவீலர். பஸ், வேன் உள்ளே வராது. ஆளை வாசலில் இறக்கிவிட்டு, பக்கத்துக் காலிமனையில் நிறுத்தலாம். அதற்குத் தனி வாடகை இல்லை. பூ அலங்கார வண்டியும் காய்கறி வண்டியும் பின்கேட் வழியாக வரட்டும். முன்கேட்டில் ஒரு லாரி நின்றாலே மாப்பிள்ளை அழைப்பு தெருவில் நின்றுவிடும்.

பதிவு 3: சமையல்

எங்கள் சமையல்காரர்தான் என்று கட்டாயம் இல்லை. உங்கள் ஊர் ஆளைக் கூட்டி வரலாம், சமையல்கட்டு வாடகை ₹8,000. பாத்திரம், கிரைண்டர், அடுப்பு அதில் அடக்கம். சிலிண்டர் உங்களுடையது, 19 கிலோ வணிக சிலிண்டர் மட்டும், வீட்டு சிகப்பு சிலிண்டருக்கு அனுமதி இல்லை. அசைவம் கிடையாது.

பாத்திரத்தை எண்ணி வாங்கி, எண்ணியே கொடுங்கள். குறைவது அண்டா அல்ல, கரண்டியும் டம்ளரும்தான். கடைசியில் டெபாசிட்டில் கழிவதும் அதுதான். இலை ஆர்டரில் நூற்றுக்குப் பத்து கூடுதலாகச் சொல்லுங்கள், கிழிசல் வராத கட்டே இல்லை.

பதிவு 4: புக்கிங்

வாடகை ₹90,000, ஜிஎஸ்டி தனி. முதல் நாள் மதியம் 3 முதல் மறுநாள் மதியம் 3 வரை.

தேதியை நேரில் வந்து டைரியில் பாருங்கள். வாய்ச்சொல்லாக 2 நாள் வைத்திருப்போம், அதற்குள் முன்பணம் ₹25,000 கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீது கைக்கு வந்த பிறகே பத்திரிகை அடியுங்கள். ஆவணி, தை முகூர்த்தங்களில் ஒரே தேதிக்கு மூன்று வீட்டார் வருவதுண்டு. பத்திரிகை அடித்துவிட்டு வந்தாலும் ரசீது வைத்திருப்பவருக்குத்தான் மண்டபம்.

மீதி வாடகையும் டெபாசிட் ₹10,000-மும் 15 நாள் முன்பு. கரண்ட் மீட்டர் ரீடிங்கைச் சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் உங்கள் ஆள் ஒருவர் கூட நின்று குறித்துக்கொள்ளட்டும். ஜெனரேட்டர் டீசலுக்கு ஓடிய மணிக்கணக்கு. ரத்து என்றால் 90 நாள் முன்பே சொன்னால் முன்பணத்தில் ₹5,000 மட்டும் பிடிப்போம். பிறகு என்றால் திரும்பாது, ஆனால் அதே வருடத்தில் வேறு தேதிக்கு மாற்றித் தருவோம்.

ஆடி, மார்கழியில் நிச்சயதார்த்தம், காதுகுத்து வைப்பதானால் வாடகையைப் பேசிக்கொள்ளலாம். ஆபீஸ் காலை 10 முதல் மாலை 6 வரை, ஞாயிறும் உண்டு.