சிறுநீரக அத்தியாயம்: புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்

நிமிடத்துக்கு 125 மில்லி வடிகிறது என்று மனப்பாடமாகச் சொல்கிறேன், சரி, அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு? 180 லிட்டர். உடம்பில் பிளாஸ்மா இருப்பதே சுமார் 3 லிட்டர்தான், அப்போது அதே பிளாஸ்மா ஒரு நாளில் எத்தனை முறை வடிகட்டப்படுகிறது? வடிந்ததில் 99 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகிறது, அது 98 ஆகக் குறைந்தால் சிறுநீர் எவ்வளவு வரும்? (முதலில் "கொஞ்சம் கூடும்" என்று எழுதியிருந்தேன். கணக்குப் போட்டால் 1.8 லிட்டர் 3.6 ஆகிறது, இரண்டு மடங்கு!)

வடிகட்டும் ரத்த நாளக் கொத்தான குளோமெருலஸுக்குள் வரும் தமனி சுருங்கினால் வடிகட்டல் குறையும், வெளியே போகும் தமனி ஓரளவு சுருங்கினால் கூடும். ஏன்? தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் மிதிக்கிறோம் என்று யோசித்துப் படம் போடு. இரண்டிலும் ரத்த ஓட்டம் குறைகிறதே, பிறகு வடிகட்டல் மட்டும் ஏன் எதிரெதிராகப் போகிறது?

குளுக்கோஸ். இதில்தான் நேற்று மாட்டிக்கொண்டேன். உறிஞ்சும் உச்ச அளவு நிமிடத்துக்கு 375 மில்லிகிராம். 125-ஆல் வகுத்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 300 மில்லிகிராம் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் சர்க்கரை வர வேண்டும். ஆனால் 180, 200-லேயே வர ஆரம்பிக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. என் கணக்கு தப்பா, இல்லை எல்லா நெஃப்ரானுக்கும் ஒரே கொள்ளளவு என்று நானாக நினைத்துக்கொண்டதுதான் தப்பா?

ஹென்லே வளைவு. இந்தப் பக்கங்களை மூன்று முறை படித்தும், எதிரோட்டம் என்ற வார்த்தையைச் சொல்லத் தெரிகிறதே தவிர விளக்கத் தெரியவில்லை. அதனால் அந்த வார்த்தையைப் பயன்படுத்தாமலே சொல்: இறங்கு பகுதியில் தண்ணீர் எங்கே போகிறது, எது இழுக்கிறது? ஏறு பகுதி உப்பை வெளியே தள்ளுகிறது, தண்ணீரை விடுவதில்லை. தண்ணீரையும் விட்டால் என்ன கெட்டுவிடும்? சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவின் ஆழத்தில் செறிவு 1200 மில்லிஆஸ்மோல் வரை ஏறுகிறது, வளைவைத் தாண்டி மேலே வரும் திரவமோ ரத்தத்தைவிட நீர்த்துப்போயிருக்கிறது, இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் நீர்த்த திரவத்தையா தயாரித்தோம்? யாருக்காக?

அப்புறம் இது முந்தைய கேள்வி புரிந்ததா என்று பார்க்க: ஒருவருக்கு ஏடிஎச் ஹார்மோன் நிறையச் சுரக்கிறது, ஆனால் ஃபியூரோசமைடு மருந்து ஏறு பகுதியின் உப்பு பம்பை நிறுத்திவிட்டது. சிறுநீர் செறிவாக வருமா? (ஏடிஎச் கதவைத்தான் திறக்கும், தண்ணீரை இழுக்காது.) அதே ஆள் நிறையத் தண்ணீர் குடித்தால், நன்றாக நீர்த்த சிறுநீராவது வருமா?

ஆல்டோஸ்டிரோன்: சோடியத்தைச் சேமிக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். இது தெரியும், விட்டுவிடலாம்.

அமில-கார சமநிலைக்கு இன்னும் ஒரு கேள்விகூட எழுத வரவில்லை, எது புரியவில்லை என்பதே புரியவில்லை போல. நாளைக் காலை முதல் வேலையாக அந்த எட்டுப் பக்கம்.