ஊருக்கு அனுப்பும் பணம் பற்றி, சண்டை இல்லாமல்

என்னங்க, போனில் ஆரம்பித்தால் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன். கோபம் எதுவும் இல்லை, நிதானமாகப் படியுங்கள்.

திருத்துறைப்பூண்டிக்கு நீங்கள் அனுப்பும் பணத்தைப் பற்றித்தான். நிறுத்தச் சொல்லவில்லை. 2018-ல் கஜா புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்த பிறகு, புதுக் கன்று வைத்து அது காய்ப்புக்கு வரும்வரை அத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். நீங்கள் அனுப்பாமல் வேறு யார் அனுப்புவார்கள்?

எவ்வளவு, எதற்கு என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெரியவளுக்கு காலேஜ் பீஸ் கட்டப் போனால் கணக்கில் 40,000 ரூபாய் குறைகிறது. அண்ணி மகளின் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை வந்த பிறகுதான், சரி, தாய்மாமன் சீருக்குப் போயிருக்கும் என்று நானாக யூகித்துக்கொண்டேன். சீர் செய்ய வேண்டியதுதான், அதில் எனக்கும் பெருமைதான். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பீஸுக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பேன். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்துத்தான் சொல்லாமல் இருக்கிறீர்களா? அப்படியென்றால் அதையும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி விஷயமும் அப்படித்தான். ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு, அப்புறம் சம்பா நடவுக்கூலி, உரம் என்று கேட்கிறார், நியாயமான செலவுதான். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சா, இல்லை நாம் கொடுத்ததாகவே வைத்துக்கொள்வதா? எதுவானாலும் எனக்குச் சம்மதம், எது என்று தெரிந்தால் போதும். இன்னொன்று, பட்டா இன்னும் மாமா பெயரிலேயே கிடப்பதால்தான் அவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கவில்லையோ? தவணைக்குள் கட்டினால் அதற்கு வட்டியே கிடையாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லோரும் கலந்து பேசி, நீங்கள் அடுத்த லீவில் வரும்போது பெயர் மாற்றிவிட்டால் அவருக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் அண்ணனிடம் கேட்கும் சங்கடம் இருக்காது. பாவம், அவருக்கும் அது கஷ்டமாகத்தானே இருக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: அத்தையின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் மாதம் ஒரு தொகையை முடிவு செய்து, சம்பளம் வந்ததும் முதலில் அதை அனுப்பிவிடலாம். சாகுபடிக்குத் தனியாக. சீர், மொய், ஆஸ்பத்திரி என்று திடீரென வந்தால் 10,000-க்கு மேல் போகும்போது ஒரு மெசேஜ் போடுங்கள், என்னிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, தெரிந்தால் போதும் என்கிறேன். நான் எங்கள் அம்மாவுக்கு மாதம் கொடுக்கும் 3,000 ரூபாயையும் இதே கணக்கில் எழுதுவோம், அது தனி இது தனி என்று வேண்டாம்.

ஞாயிறு நம்ம நேரம் 4 மணிக்குக் கூப்பிடுகிறேன், அங்கே ஆறரை ஆகியிருக்கும், சின்னவன் டியூஷனில் இருப்பான். அதற்குள் இந்த வருடம் அனுப்பியதை ஞாபகம் இருக்கும்வரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விட்டுப்போனாலும் பரவாயில்லை. இதைப் பேசி முடிக்கும்வரை அத்தையிடமோ தம்பியிடமோ நான் எதுவும் கேட்க மாட்டேன்.