கத்திரிக்கு முன்னால் ஒரு சன்ஸ்கிரீன்

வேலூர் வெயிலில் ஸ்கூட்டியில் போய்வந்தால், வாட்ச் கட்டிய இடம் மட்டும் தனி நிறத்தில் தெரியும். எங்கள் மருந்துக்கடையில் மே 31 வரை எல்லா சன்ஸ்கிரீனுக்கும் 15% தள்ளுபடி.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம்: இது சிவப்பாக்கும் கிரீம் அல்ல. சரியாகப் பூசினால் எஸ்.பி.எஃப். 30, புறஊதா பி கதிரில் சுமார் 97% தடுக்கும். 50 என்றால் சுமார் 98%. விலை கூடியதைத்தான் வாங்கவேண்டும் என்றில்லை. முழுசாகத் தடுப்பது எதுவுமே கிடையாது.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையைத் துடைத்தால் உடனே மறுபடி. குடையை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் பருத்திச் சட்டையும்தான்.