நோயாளி பதிவேட்டு மென்பொருள்: சேவைத் தொடர்ச்சி மற்றும் பேரிடர் மீட்புத் திட்டம்

180 படுக்கைகள் கொண்ட நமது கடலூர் மருத்துவமனைக்கானது. 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொறுப்பு: மருத்துவ இயக்குநர், தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர், நர்சிங் கண்காணிப்பாளர்.

எதற்காக

பதிவேடு நின்றாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. "சர்வர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எந்த நோயாளியிடமும் சொல்லக் கூடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தத் தகவல் திரையில் இருந்தாலும் தாளில் இருந்தாலும் ஊசி போடுகிறவர் கண்ணில் பட வேண்டும். கீழே உள்ள நேர இலக்குகள் எல்லாம் இதை வைத்துத்தான் முடிவு செய்யப்பட்டவை.

நாம் கடலோரத்தில் இருக்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. இன்னொரு பக்கம், 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்களை, தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியதில், அங்கே ஓ.பி., லேப் வேலைகளை வாரக்கணக்கில் கையால் செய்ய வேண்டியிருந்தது. புயல், ரேன்சம்வேர் இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. அதனால்தான் இந்தத் திட்டத்தில் இரண்டு தனி வழிகள் உள்ளன.

மீட்பு நேர இலக்குகள்

| சேவை | எவ்வளவு நேரத்தில் திரும்ப வேண்டும் | எவ்வளவு நேரப் பதிவு இழப்பு வரை ஏற்கலாம் |
|---|---|---|
| ஒவ்வாமை, ரத்த வகை, டிரக் சார்ட் (பார்க்க மட்டும்) | தாள் முறை அறிவித்து 15 நிமிடம் | 30 நிமிடம் |
| நோயாளி பதிவேடு, அட்மிஷன் | 2 மணி | 5 நிமிடம் |
| லேப் முடிவுகள், மருந்தகம் | 4 மணி | 15 நிமிடம் |
| ஸ்கேன் படங்கள்: புதியவை | 4 மணி | இழப்பு கூடாது |
| ஸ்கேன் படங்கள்: பழையவை | 48 மணி | 24 மணி |
| பில்லிங், காப்பீடு | 24 மணி | 1 மணி |

பில்லிங்குக்கு 24 மணி வரை விட்டதற்குக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. டிஸ்சார்ஜ் தாமதமானால் குடும்பங்கள் தவிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கையால் எழுதிய ரசீதை வைத்து ஒரு நாள் ஓட்டிவிடலாம். டிரக் சார்ட் இல்லாமல் ஐ.சி.யூ.வில் ஒரு ஷிப்டுகூட ஓட்ட முடியாது.

இந்த இலக்குகள் கருவிப் பழுதுக்கும் மின்தடைக்கும் பொருந்தும். ரேன்சம்வேர் என்றால் பதிவேடு திரும்ப 24 மணி நேரம் ஆகும் என்று வார்டுகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வரும் என்று சொல்லி அவர்களைக் காக்க வைக்கக் கூடாது.

யார் அறிவிப்பது

சர்வர் நின்று 20 நிமிடத்துக்குள் சரியாகவில்லை என்றால், பணியில் உள்ள கணினிப் பிரிவு ஊழியர் "தாள் முறை" அறிவிப்பைக் கேட்க வேண்டும். பகலில் மருத்துவ இயக்குநரும், இரவில் டூட்டி மருத்துவ அலுவலரும் அறிவிப்பார்கள். இரவில் யாரையும் எழுப்பி அனுமதி வாங்கத் தேவையில்லை. தவறாக அறிவித்தாலும் யார்மீதும் குற்றம் வராது. தயங்கி நிற்பதுதான் ஆபத்து.

வார்டில் முதல் 15 நிமிடம்

ஒவ்வொரு வார்டிலும் நர்ஸ் மேசைக்குக் கீழே சிவப்புப் பெட்டி இருக்கிறது. அதில் 50 காலி கேஸ் ஷீட், டிரக் சார்ட் படிவங்கள், கார்பன் தாளுடன் லேப் ரெக்வெஸ்ட் புத்தகம், நான்கு நீலப் பேனா, ஒரு டார்ச், "த" வரிசைத் தற்காலிக எண் ஒட்டிகள் இருக்கும். ஒவ்வாமை உள்ளவரின் கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் ஒட்ட சிவப்புப் பட்டையும் உண்டு.

வார்டின் ஒரு கணினி யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறது. அதன் பூட்டப்பட்ட டிஸ்க்கில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வார்டு நோயாளிகளின் சுருக்கம் பி.டி.எஃப்.ஆக வந்து சேரும். அறிவிப்பு வந்ததும் பொறுப்பு நர்ஸ் அதை அச்சிட்டு ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் வைக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் காலை 6, மாலை 6 மணிக்கு எப்போதுமே அச்சுப் பிரதி எடுக்கப்படும், பிரிண்டரும் ஓடாத நாளுக்காக.

லேப் கருவிகள் சர்வர் இல்லாமலும் ஓடும். முடிவைக் கருவியிலிருந்தே அச்சிட்டு, ஆள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஆபத்தான அளவு வந்தால் தாளை நம்பாமல் போனில் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

முதல் வழி: பழுது, புயல், வெள்ளம்

முதன்மை சர்வர் முதல் மாடியில் உள்ளது. அதன் நகல் கோயம்புத்தூர் தரவு மையத்தில் தொடர்ந்து ஓடுகிறது. இங்கிருக்கும் சர்வர் எழாது என்று உறுதியானால் நகலை முதன்மையாக்க வேண்டும். அதற்கு முன் பழைய சர்வரின் மின்வயரை ஒருவர் நேரில் பிடுங்கிவிட்டு, "பிடுங்கியாச்சு" என்று போனில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவு வாங்கினால் ஒரே நோயாளிக்கு இரண்டு வரலாறு உண்டாகிவிடும். அதைப் பிரிப்பது சர்வரை மீட்பதைவிடப் பெரிய வேலை. பிறகு நகல் சர்வரில் இந்த மூன்று வரிகளை வரிசையாக ஓட்ட வேண்டும்:

```
SELECT pg_is_in_recovery();
SELECT pg_last_xact_replay_timestamp();
SELECT pg_promote();
```

முதல் வரிக்கு `t` வர வேண்டும். இரண்டாவது வரி காட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தாளிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

வானிலை ஆய்வு மையம் 48 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கை விடுத்தவுடன் டீசலை 72 மணி நேர அளவுக்கு நிரப்ப வேண்டும். கணினிப் பிரிவில் இருவர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் நிர்வாகத்தின் பொறுப்பு.

இரண்டாம் வழி: ரேன்சம்வேர்

இந்த வழியில் கோயம்புத்தூர் நகலுக்கு மாறக் கூடாது. நகல் என்பது பேக்கப் அல்ல. இங்கே அழிந்தது சில நொடிகளில் அங்கேயும் அழியும்.

கணினியை அணைக்காமல் நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்க வேண்டும். நினைவகத்தில் இருக்கும் தடயம் விசாரணைக்குத் தேவைப்படும். கோயம்புத்தூர் இணைப்பையும் உடனே துண்டிக்க வேண்டும். கவனித்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கு `incident@cert-in.org.in` முகவரியில் தெரிவிப்பது சட்டக் கடமை. மீட்புக்கு, யாரும் அழிக்க முடியாதபடி 35 நாள் பூட்டி வைத்த பேக்கப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதுவும் புதிதாக நிறுவிய சர்வரில்தான். பணம் கேட்பவர்களோடு ஊழியர் யாரும் பேசக் கூடாது.

தாளிலிருந்து திரும்ப ஏற்றுதல்

அவசரப்பட்டால் தப்பு நடப்பது இங்கேதான். முதலில் மருந்து, ஒவ்வாமை. அப்புறம் லேப். கடைசியாகக் குறிப்புகள். ஏற்றும் நேரத்தை அல்ல, மருந்து கொடுத்த நேரத்தைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த டோஸ் தவறிவிடும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஏற்ற வேண்டும். "த" எண்ணைப் பழைய பதிவோடு இணைக்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் தந்தை அல்லது கணவர் பெயர், வயது, போன் எண் மூன்றையும் ஒப்பிட வேண்டும். நம் ஊரில் ஒரே வார்டில் மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். மூலத் தாளைக் கேஸ் ஷீட்டிலிருந்து எடுக்கக் கூடாது.

முதன்மை சர்வர் சரியானாலும் 72 மணி நேரம் கவனித்த பிறகே, இரவு 1 முதல் 4 மணிக்குள் அதற்குத் திரும்ப வேண்டும்.

ஒத்திகை

2025 மார்ச் ஒத்திகையில் ஜெனரேட்டர் ஓடியது, சர்வர் எழுந்தது. ஆனால் இரண்டாம் மாடியில் ஒரு திரையும் வரவில்லை. அந்த மாடியின் நெட்வொர்க் சுவிட்ச் யூ.பி.எஸ்.ஸில் சேர்க்கப்படவே இல்லை. பதிவேடு 3 மணி 10 நிமிடம் எடுத்தது. இலக்கு இரண்டு மணி. சுவிட்ச் இப்போது சேர்க்கப்பட்டுவிட்டது. எனினும் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்காமல் இலக்கை எட்டியதாகக் கொள்ள முடியாது. அதற்கடுத்த ஒத்திகைக்குக் குறித்த நேரம் 2025 செப்டம்பர் 14, ஞாயிறு காலை 6 மணி. இரவு ஷிப்டுக்குத் தனியாக அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன். பூட்டிய பேக்கப்பிலிருந்து மாதம் ஒருமுறை முழுப் பதிவேட்டையும் சோதனை சர்வரில் எழுப்பி, பத்து நோயாளிகளின் பதிவை ரெக்கார்டு ரூம் ஊழியர் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இந்தத் திட்டத்தின் அச்சுப் பிரதி ஒவ்வொரு சிவப்புப் பெட்டியிலும், டூட்டி மருத்துவ அலுவலர் அறையிலும், கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் வீட்டிலும் இருக்கும். பேக்கப் சாவிச்சொல் உறையில் இட்டு, மருத்துவ இயக்குநரின் இரும்புப் பெட்டியில் ஒன்றும் கோயம்புத்தூர் மையத்தில் ஒன்றுமாக வைக்கப்பட்டுள்ளது. உறையைத் திறந்தால் அன்றே சாவிச்சொல்லை மாற்ற வேண்டும்.