வாராந்திர நம்பகத்தன்மை அறிக்கை: ஜூன் 9 – 15, 2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர், நிதித் தலைவர், செயல்பாட்டுத் தலைவர், வணிகத் தலைவர்
அனுப்புநர்: தரவுச் செயல்பாட்டுக் குழு

இந்த வாரம் 36 ஓட்டங்களில் 31 நேரத்துக்கு முடிந்தன (86.1%). இலக்கு 97%, வாரத்தில் ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது என்பதே அதன் பொருள். கடந்த வாரம் 34, அதற்கு முந்தைய வாரங்களில் 33, 35. நான்கு வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் 144-க்கு 133.

தவறியவை ஐந்து, காரணங்கள் மூன்று. அவற்றில் இரண்டைச் சரிசெய்துவிட்டோம். மூன்றாவது வங்கியின் கையில் இருக்கிறது. அதற்கு நிதித் தலைவரின் தலையீடு வேண்டும்.

| வேலை | கெடு | நேரத்துக்கு | தவறிய நாள் |
|---|---|---|---|
| 64 கடைகளின் விற்பனைத் தொகுப்பு | காலை 5:30 | 5 / 7 | செவ்வாய், புதன் |
| கிடங்குக்கான சரக்கு நிரப்பும் பட்டியல் | காலை 6:15 | 6 / 7 | செவ்வாய் |
| கடை பில்லிங் இயந்திரங்களுக்கான விலைப் பட்டியல் | காலை 8:00 | 6 / 7 | வெள்ளி |
| நிர்வாக டேஷ்போர்டு | காலை 8:30 | 7 / 7 | – |
| கார்டு, யூபிஐ வரவு சரிபார்ப்பு | காலை 11:00 | 6 / 7 | வியாழன் |
| சப்ளையர் பணப் பட்டுவாடா கோப்பு (சனி மட்டும்) | மதியம் 2:00 | 1 / 1 | – |

கெடுவுக்குள் முடிந்து, தரவும் முழுமையாகவும் சரியாகவும் இருந்தால்தான் "நேரத்துக்கு" என்று எண்ணுகிறோம். வெள்ளிக்கிழமை விலைப் பட்டியல் 7:20-க்கே முடிந்தது. ஆனால் அதில் 38 பொருள்கள் விடுபட்டிருந்தன. அதனால் அது தவறிய ஓட்டமே.

வெள்ளி: 38 பொருள்களுக்குப் பழைய விலை

நேரக் கணக்கில் இது சிறியது. ஆனாலும் வாடிக்கையாளரின் பணத்தைத் தொட்டதால் இதையே இந்த வாரத்தின் மோசமான தவறாகக் கருதுகிறோம்.

வணிகப் பிரிவின் விலை மென்பொருள் வியாழன் மாலை புதிய பதிப்புக்கு மாறியது. அதுவரை 1250.00 என்று எழுதிவந்த விலையை, புதிய பதிப்பு 1,250.00 என்று எழுதியது. நாங்கள் பெறும் கோப்பில் கட்டங்களைப் பிரிப்பதும் காற்புள்ளிதான். மேற்கோள் குறியும் இல்லாததால் ஒரு விலை இரண்டு கட்டங்களாக உடைந்தது. இப்படி உடைந்த வரியைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எங்கள் நிரல் அமைக்கப்பட்டிருந்தது:

```python
pd.read_csv(path, on_bad_lines="skip")
```

ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த விலையில் காற்புள்ளி வராது. அதனால் 25 கிலோ அரிசி மூட்டை, 15 லிட்டர் எண்ணெய் டின் போன்ற விலை கூடிய பொருள்கள் மட்டுமே விடுபட்டன. மற்ற ஆயிரக்கணக்கான வரிகள் சரியாக ஏறியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 9:20-க்கு ஒரு கடை மேலாளர் அலமாரி விலையும் பில் விலையும் வேறாக இருப்பதைச் சொன்னார். 9:50-க்குத் திருத்திய பட்டியல் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

38-இல் 26 பொருள்களுக்கு விலை ஏறியிருந்தது; அந்த இழப்பு நமக்கு. மீதி 12-க்கு விலை குறைந்திருந்தது. அவற்றை வாங்கிய 61 பேரிடம் மொத்தம் ரூ.2,140 கூடுதலாக வாங்கியிருக்கிறோம். எந்தப் பில்லும் எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லை.

உடைந்த வரி ஒன்று வந்தாலும் ஓட்டம் நின்று எச்சரிக்கை அனுப்பும்படி அன்றே மாற்றிவிட்டோம் (`"error"`). கோப்பில் வந்த வரிகளும் கடைக்குப் போன வரிகளும் ஒரே எண்ணிக்கையா என்ற சோதனையும் சேர்ந்துள்ளது. "skip" வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடியதில் இன்னும் இரண்டு இடங்கள் கிடைத்தன. அவற்றையும் புதன்கிழமைக்குள் மாற்றுவோம்.

செவ்வாய், புதன்: பேக்கப்பும் விற்பனைத் தொகுப்பும் மோதின

மூன்று தவறுகளுக்கு இது ஒன்றே காரணம். தரவுத்தளத்தின் பேக்கப் நேரம் திங்கள் மாலை இரவு 1:00-இலிருந்து 3:00-க்கு மாற்றப்பட்டது. விற்பனைத் தொகுப்பு தொடங்குவது 3:15. இரண்டும் ஒரே டிஸ்க்கைப் படித்ததால், வழக்கமாக 95 நிமிடத்தில் முடியும் வேலை செவ்வாயன்று 6:22 வரை இழுத்தது. அதை நம்பியிருக்கும் சரக்குப் பட்டியல் 7:05-க்குத்தான் வந்தது. முதல் சுற்று வண்டிகள் 11 சுமார் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பின. செங்கல்பட்டுப் பக்கம் நான்கு கடைகளுக்குக் கடை திறந்த பிறகே காய்கறி போனது. புதன்கிழமை பேக்கப் சிறியது. விற்பனைத் தொகுப்பு 5:41-க்கு முடிந்து கெடுவைத் தவறவிட்டாலும், சரக்குப் பட்டியல் 6:12-க்குத் தப்பித்தது.

செவ்வாயன்று எச்சரிக்கை ஏன் வரவில்லை என்பது முக்கியம். ஓட்டம் தோல்வியடைந்தால் மட்டுமே அலாரம் அடிக்கும். மெதுவாக ஓடினால் அடிக்காது. கிடங்கிலிருந்து 6:30-க்கு போன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது 5:00-க்குள் முடியாவிட்டால் பணியில் இருப்பவருக்கு அழைப்பு போகும். பேக்கப்பை வியாழன் முதல் தரவுத்தளத்தின் மாற்றுப் பிரதியிலிருந்து எடுக்கிறோம். அதன்பின் எல்லா நாளும் 4:55-க்கு முன்பே முடிந்திருக்கிறது.

வியாழன்: வங்கிக் கோப்பு

கார்டு வரவுக் கோப்பு காலை 9:30 வாக்கில் வர வேண்டும். 12:40-க்கு வந்தது, சரிபார்ப்பு 1:05-க்கு முடிந்தது. எங்கள் நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் காத்திருந்தது, அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. நான்கு வாரங்களில் இது மூன்றாவது முறை. கெடுவை மதியத்துக்குத் தள்ளினால் மதிப்பெண் அழகாகும், ஆனால் நிதிப் பிரிவு அன்றைய பணப் பட்டுவாடாவை 11:30-க்கு முடிவு செய்வதால் அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

மயிரிழையில் தப்பியது

ஞாயிறு காலை 8:02-க்கு டேஷ்போர்டு ஓட்டம் நின்றது. பழைய லாக் கோப்புகள் குவிந்து டிஸ்க் நிரம்பியதே காரணம். அலாரம் உடனே அடித்தது. இடத்தைக் காலிசெய்து 8:09-க்கு மீண்டும் ஓட்டியதில் 8:24-க்கு முடிந்தது. கணக்கில் இது நேரத்துக்கு முடிந்த ஓட்டம்தான். இனி 14 நாளுக்கு மேற்பட்ட லாக்குகள் தானாக அழிக்கப்படும். டிஸ்க் 80% நிரம்பினாலே எச்சரிக்கை வரும்.

உங்களிடம் வேண்டும் முடிவுகள்

1. நிதித் தலைவர்: கார்டு கோப்பு காலை 10:00-க்குள் வரும் என்று வங்கியிடம் எழுத்தில் பெற வேண்டும். இப்போதைய ஒப்பந்தத்தில் நேரமே குறிப்பிடப்படவில்லை.
2. வணிகத் தலைவர்: 61 பேருக்கு ரூ.2,140 திருப்பித் தர ஒப்புதல், செவ்வாய்க்குள். 44 பேரின் கைபேசி எண் பில்லில் இருக்கிறது. மீதி 17 பேருக்காக அந்தந்தக் கடையில் அறிவிப்பு வைக்கலாம் என்பது எங்கள் கருத்து.
3. செயல்பாட்டுத் தலைவர்: பேக்கப் நேரம், மென்பொருள் பதிப்பு போன்ற மாற்றங்களை எந்தப் பிரிவு செய்தாலும் இரண்டு வேலைநாள் முன்பே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி. ஐந்து தவறுகளில் நான்கு, முன்கூட்டியே தெரிந்திருந்தால் நடந்திருக்காது.

அடுத்த வாரம் (ஜூன் 16 – 22)

வெள்ளிக்கிழமை 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். முந்தைய இரண்டு நாள்களும் நிதிப் பிரிவு பெரிய அறிக்கைகளை எடுக்கும். அவற்றையும் மாற்றுப் பிரதிக்குத் திருப்பியிருக்கிறோம். பேக்கப்பும் அங்கேயே நடப்பதால், அறிக்கைகளை இரவு 12:00-க்குள் எடுத்து முடிக்கும்படி நிதிப் பிரிவைக் கேட்டுக்கொண்டுள்ளோம்.