கைத்தொலைபேசிப் பயன்பாடு: எமது பாடசாலையின் விதிமுறை

தரம் 6 முதல் 13 வரையான மாணவர், பெற்றோர், ஆசிரியர் அனைவருக்கும் இது பொருந்தும். இரண்டாம் தவணையின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப் வழியாகவே வீடுகளுக்குப் போயின. நல்ல தொலைபேசியும் டேட்டாவும் இருந்த பிள்ளைகள் தொடர்ந்து படித்தார்கள். அண்ணன், தங்கையோடு ஒரே தொலைபேசியைப் பங்கிட்டவர்களும், சிக்னல் தேடி வயல் வரம்பில் நின்றவர்களும் பின்தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறோம்.

ஆகவே முதல் விதி ஆசிரியர்களுக்கு. வீட்டுவேலை, குறிப்பு, பரீட்சை அறிவித்தல் எதுவும் வாட்ஸ்அப்பில் மட்டும் போகக்கூடாது; வகுப்பில் சொல்லப்பட வேண்டும், அல்லது அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தொலைபேசி இல்லாததால் வேலையை முடிக்க முடியாத மாணவருக்குப் புள்ளி குறைக்கப்படாது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலுள்ள பாடங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் பார்க்க, பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் கணினி அறை திறந்திருக்கும். படுவான்கரைக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இடைவேளையில் வரலாம்.

தரம் 6 முதல் 9 வரை தொலைபேசி கொண்டுவருதல் கூடாது. தூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அவசியமென்றால் பெற்றோர் அதிபருக்குக் கடிதம் தரவேண்டும். கொண்டுவரப்படும் எந்தத் தொலைபேசியும் காலையில் நிறுத்தப்பட்டு வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கப்படும். பெயர் எழுதிய உறையில் அலுவலக அலுமாரியில் பூட்டி வைத்து, கடைசி மணியின் பின் திருப்பித் தருவோம். பையில் சைலன்டில் கிடந்தாலும் பிள்ளையின் நினைப்பு அதிலேயே இருக்கும். அதனால் பையில் வைத்திருக்க அனுமதி இல்லை. அவசரத் தகவலைப் பெற்றோர் அலுவலகத் தொலைபேசிக்குச் சொன்னால் உடனே வகுப்புக்கு அறிவிப்போம்.

தரம் 10 முதல் 13 வரை, பாடத்துக்குத் தேவையென ஆசிரியர் முன்கூட்டியே பாடக்குறிப்பில் எழுதி, பிரதி அதிபரிடம் அனுமதி பெற்றால் அந்தப் பாடவேளையில் பயன்படுத்தலாம். நால்வருக்கு ஒரு தொலைபேசி போதும். தொலைபேசி வாங்கித் தருமாறு எந்தப் பெற்றோரையும் ஆசிரியர் கேட்கக்கூடாது. கற்பித்தலுக்குத் தவிர ஆசிரியரும் வகுப்பறையில் தொலைபேசியை எடுக்கக்கூடாது.

அனுமதியின்றி ஒருவரைப் படமெடுப்பதும் பகிர்வதும் பாரதூரமான குற்றம். ஒரு மாணவியின் படம் கேலி வாசகத்தோடு சுற்றினால் அவள் வகுப்புக்கு வரவே தயங்குவாள். இத்தகைய முறைப்பாடு அன்றே ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகும். முறைப்பாடு செய்தவரின் பெயர் வெளியே வராது.

ஏனைய மீறல்களில் தொலைபேசி வாங்கி வைக்கப்பட்டு அன்று மாலையே திருப்பித் தரப்படும். இரண்டாம் முறை பெற்றோர் வந்து பெறவேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் தமக்கு வசதியான நாளில் வரலாம். அதுவரை தொலைபேசி பத்திரமாக இருக்கும். தண்டப்பணம் அறவிடுவதில்லை. தொலைபேசியின் உள்ளடக்கத்தை ஆசிரியர் திறந்து பார்க்கவும் கூடாது.

தவணை இறுதியில் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் மாணவத் தலைவர்களும் இதை மீளாய்வு செய்வார்கள். ஆட்சேபணையிருந்தால் அதற்கு முன் எழுத்தில் தாருங்கள்.

அதிபர்