பெயர்கள் அழியவில்லை ஐயா: மாற்றி எழுதிய பதில்

தம்பி,

இறக்கிய கமக்காரர் பட்டியலை எக்செலில் திறந்தால் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்தாக வருகிறது என்று திருக்கோவில் பக்கத்துக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஐயா முறையிட்டிருந்தார் அல்லவா, அவருக்கு நேற்றுப் போன நமது பதிலைப் படித்தேன். நீ எழுதியதல்ல, நாம் எல்லோரும் ஒரு வருடமாக அனுப்பி வரும் அதே பதில்தான். அதனால் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அது போய் அரை மணித்தியாலத்தில் ஐயா போன் எடுத்தார். "பிள்ள, 146 பேரிட பேரும் அழிஞ்சு போச்சா? நான் இனி வீடு வீடாப் போகணுமா?" என்றுதான் முதலில் கேட்டார். நமது பதிலில் இந்தக் கேள்விக்கு ஒரு சொல்கூட இல்லை. பார்:

> அன்புடையீர், தங்களது முறைப்பாடு வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தரவிறக்கப்பட்ட கோப்பின் எழுத்துக் குறியாக்கம் UTF-8 ஆக உள்ளதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளவும். மேலதிக உதவிக்கு எம்மைத் தொடர்புகொள்ளவும். நன்றி.

தீர்வு இதற்குள் இருக்கிறது, அது உண்மை. ஆனால் 'குறியாக்கம்' என்ற சொல்லைக் கேட்டிராத ஒருவர் இதை வைத்து என்ன செய்வார்? அதனால் ஐயாவுக்கு முழுவதையும் புதிதாக எழுதினேன். இன்று காலை இதையே அனுப்பு. கோப்பை இணைக்க மறந்துவிடாதே.

---

பொருள்: உங்கள் கமக்காரர் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. சரியான கோப்பு இத்துடன்

வணக்கம் ஐயா,

முதலில் ஒன்று: ஒருவருடைய பெயரும் அழியவில்லை. 146 பேரின் பெயரும், அடையாள அட்டை இலக்கமும், ஏக்கர் கணக்கும் நீங்கள் பதிந்தபடியே நமது முறைமையில் இருக்கின்றன. நேற்று நீங்கள் சரி என்று சொன்ன பிறகு உங்கள் கணக்கைத் திறந்து நானே பார்த்தேன்.

வியாழக்கிழமை கமநல சேவை நிலையத்துக்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எக்செல் கோப்பாக மாற்றி இத்துடன் இணைத்திருக்கிறேன். திறந்ததும் தமிழ் ஒழுங்காகத் தெரியும், அப்படியே அச்சடிக்கலாம். கொடுக்க முதல் நாலைந்து பேரின் விபரத்தை மட்டும் உங்கள் கொப்பியுடன் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் திறந்தபோது பெயர் இருந்த இடமெல்லாம் `à®` `à¯` என்று வந்தது ஏன் என்றால், கணினி ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியையும் மூன்று துண்டாக வைத்திருக்கும். நமது முறைமையிலிருந்து இறக்கிய csv கோப்பை நேரே இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், எக்செல் அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் தனித்தனி வேற்று எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. கோப்பில் பிழை இல்லை, திறந்த விதத்தில்தான் சிக்கல். அதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை. மன்னியுங்கள்.

அடுத்த முறை நீங்களே எடுக்க வேண்டி வந்தால் இப்படிச் செய்யுங்கள். பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் சுகம்.

எக்செலை முதலில் வெறுமையாகத் திறவுங்கள். மேலே `Data` என்பதை அழுத்தி, `From Text/CSV` என்பதைத் தெரிவுசெய்து, இறக்கிய கோப்பைக் காட்டுங்கள். சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். உடனே கீழே பெயர்கள் தமிழில் தெரியும். தெரிந்த பிறகும் அவசரப்பட வேண்டாம், அதே பெட்டியில் `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` என்று மாற்றிவிட்டு, அப்புறம் `Load` அழுத்துங்கள்.

இந்தக் கடைசி மாற்றம் முக்கியம் ஐயா. அதைச் செய்யாவிட்டால் எக்செல் இலக்கங்களைத் தன் விருப்பப்படி மாற்றிவிடும். புதிய 12 இலக்க அடையாள அட்டை எண் `1.98E+11` என்பது போலச் சுருங்கித் தெரியும். தொலைபேசி எண்களின் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். V எழுத்தில் முடியும் பழைய அட்டை எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் பட்டியலில் பாதி சரி, பாதி பிழை என்று குழப்பமாக இருக்கும்.

இப்படி எடுத்தால் மேலே `Column1`, `Column2` என்று ஒரு வரி கூடுதலாக வரலாம், பொருட்படுத்த வேண்டாம். ஏக்கர் நிரலைக் கூட்டினால் 0 என்று வந்தால், அந்த நிரலில் தலைப்பை விட்டு முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை தெரிவுசெய்து, பக்கத்தில் வரும் மஞ்சள் குறியில் `Convert to Number` அழுத்துங்கள். பிறகு கோப்பை `.xlsx` ஆகச் சேமியுங்கள்.

ஒரு வேண்டுகோள்: எழுத்து மாறித் தெரிந்த அந்தப் பழைய கோப்பை 'Save' செய்ய வேண்டாம். செய்தால் சுருங்கிய எண் சுருங்கிய உருவிலேயே எழுதப்பட்டுவிடும், அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. ஏற்கனவே சேமித்திருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, அதை அழித்துவிட்டு நமது முறைமையிலிருந்து மறுபடி இறக்குங்கள்.

நான் சொன்ன தெரிவுகள் உங்கள் எக்செலில் இல்லாவிட்டால் அது பழைய பதிப்பாக இருக்கலாம். இந்த மின்னஞ்சலுக்கே 'இல்லை' என்று ஒரு சொல் பதில் போடுங்கள். தேவைப்படும் ஒவ்வொரு முறையும் நாங்களே மாற்றி அனுப்புகிறோம். இணைத்த கோப்பில் ஏதாவது பிழை கண்டாலும் அப்படியே எழுதுங்கள், இன்று பின்னேரம் ஐந்து மணி வரை நான்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
நேற்று உங்களுடன் போனில் பேசிய பிள்ளை
உதவிப் பிரிவு, மட்டக்களப்பு

---

நீளம் கூடிவிட்டது என்று நினைப்பாய். எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் அவசரமானவர் முதல் இரண்டு பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம், கோப்பு அவர் கையில் இருக்கும். மீதி, அடுத்த போகத்தில் அவரே எடுக்கும்போது தேவைப்படும். 'வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்பதை எடுத்துவிட்டேன், முறைப்பாடு பதிவானது அவருக்கு வெற்றி இல்லை. 'அசௌகரியம்' இருந்த இடத்தில் நாம் செய்த பிழையை நேராகவே சொன்னேன்.

கைபேசியில் கேட்பவர்களுக்கு இது போதும்:

> வணக்கம் ஐயா. பெயர்கள் ஒன்றும் அழியவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எக்செல் அந்தக் கோப்பைப் பிழையாகப் படித்ததால்தான் எழுத்து மாறித் தெரிகிறது. அதைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். சரியான கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். திறந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னொன்று. எழுத்து ஒழுங்காகத் தெரியவில்லை என்று வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல் அல்ல. `à®` என்று வந்தால் மேலே உள்ள பதில் பொருந்தும். வெறும் கட்டம் கட்டமாக வருகிறது என்றால் அது எழுத்துரு இல்லாத சிக்கல், இந்தப் பதிலை அனுப்பிவிடாதே. எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு எழுது.

பட்டியலை நேரே `.xlsx` ஆக இறக்கும் பொத்தான் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி மென்பொருள் எழுதும் அண்ணாவிடம் இன்றைக்கே கேட்டிருக்கிறேன். அது வந்தால் இந்தப் பதிலே தேவைப்படாது. அதுவரை இதை வைத்துக்கொள். ஐயாவின் பதில் வந்ததும் எனக்கும் அனுப்பு.

அக்கா